எடை குறைந்தால் கொழுப்பு குறைந்ததாகுமா? மருந்துக்கடையில் நடந்த ஓர் உரையாடல்

கும்பகோணத்தில் நான் நடத்தும் மருந்துக்கடைக்கு, ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வந்தார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, கடை காலியானதும் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணா, சீக்கிரம் இளைக்கிறதுக்கு ஒரு மாத்திரை வேண்டும். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. ஒரு ஐந்து கிலோ குறைந்தால் போதும்."

"எந்த மாத்திரை என்று யாராவது சொன்னார்களா அம்மா?" என்று கேட்டேன். அவர் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பக்கத்து வீட்டுத் தோழி அதைச் சாப்பிட்டு ஒரே வாரத்தில் 4 கிலோ குறைந்திருக்கிறார் என்றும், அதையே கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். படத்தில் பாதி கிழிந்த ஒரு மாத்திரை அட்டை தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது பின்புறத்தில் ஃபியூரோசமைடு 40 மில்லிகிராம் என்று இருந்தது. அது உடல் இளைப்பதற்கான மாத்திரையே அல்ல. இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் நீர் மாத்திரை அது. தோழியின் மாமியாருக்காக வாங்கி வைத்திருந்த அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இதே கோரிக்கையோடு மாதம் தவறாமல் யாரேனும் வருகிறார்கள். "தர முடியாது" என்று அனுப்பிவிட்டால் அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டதால், அன்று அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் பேசினேன். எடை குறைவது என்பதும் கொழுப்பு குறைவது என்பதும் ஒன்றே என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அன்று அவரிடம் சொன்னதை, அவருடைய அனுமதியோடு, இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எடை இயந்திரம் எதை எடை போடுகிறது?

"துவைத்துப் பிழியாத எட்டு முழ வேட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "வாளியிலிருந்து எடுக்கும்போதே கை வலிக்கும்" என்றார். அதே வேட்டியைப் பிழிந்து வெயிலில் உலர்த்திவிட்டால் எடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால் வேட்டியின் நூலில் ஒரு இழைகூடக் குறையவில்லை, போனதெல்லாம் தண்ணீர்தான். திரும்ப நனைத்தால் பழைய எடை அப்படியே திரும்பி வரும்.

நம் உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். எலும்பு, தசை, கொழுப்பு, குடலில் இருக்கும் உணவு, அப்போது குடித்த காபி எல்லாம் சேர்ந்த மொத்தத்தைத்தான் எடை இயந்திரம் காட்டுகிறது. எது கூடியது, எது குறைந்தது என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது. அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி நின்றால் அரைக் கிலோ கூடியிருக்கும். அதை யாரும் "குண்டாகிவிட்டேன்" என்று சொல்வதில்லை. தண்ணீர் வெளியேறிக் குறையும்போது மட்டும் "இளைத்துவிட்டேன்" என்கிறோம்.

உடலில் தண்ணீர் கூடிக் குறைவதற்கு மாத்திரை தேவையில்லாத ஒரு வழியும் உண்டு. நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சர்க்கரை ஆகியவற்றில் உடனடித் தேவைக்குப் போக மிஞ்சிய ஒரு பகுதியை உடல் கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைக்கிறது. இந்தச் சேமிப்புக்குக் கிளைகோஜன் என்று பெயர். வளர்ந்த ஒருவருக்கு இது ஏறத்தாழ அரைக் கிலோ அளவு இருக்கும். கிளைகோஜன் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒருவர் திடீரென்று சோற்றை நிறுத்திவிட்டால், இரண்டு மூன்று நாட்களில் இந்தச் சேமிப்பு செலவாகி, அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறி, எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை குறைந்துவிடும். எந்த முறையில் உணவைக் குறைத்தாலும் முதல் வாரம் "மளமளவென்று" இறங்கி, இரண்டாம் வாரத்திலிருந்து நின்றுபோனதாகத் தோன்றுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். மீண்டும் சோறு சாப்பிட்ட இரண்டாம் நாளே அந்த எடை திரும்பிவிடும். ஒரு விருந்துச் சாப்பாட்டில் இரண்டு கிலோ கொழுப்பு ஏறிவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கும் விடை இதுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: சில நாட்களில் எடையில் தெரியும் பெரிய ஏற்றமும் இறக்கமும் தண்ணீரின் கணக்கு. கொழுப்பின் கணக்கு வேறு.

நீர் மாத்திரை சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

"அப்படியானால் என் தோழிக்குக் குறைந்தது தண்ணீர்தானா?" என்று கேட்டார். பெரும்பகுதி அதுதான் என்று சொல்லி, அந்த மாத்திரை வேலை செய்யும் விதத்தை விளக்கினேன்.

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை முதலில் வடித்து எடுக்கிறது. அவ்வளவும் சிறுநீராகப் போனால் நாம் ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்க முடியாது. அதனால் வடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மெல்லிய குழல்கள் வழியாகத் திரும்ப இரத்தத்துக்கே உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீர். தண்ணீரைத் திரும்ப இழுப்பதற்குச் சிறுநீரகம் கையாளும் வழி எளிமையானது: முதலில் உப்பை இழுக்கும், உப்பைப் பின்தொடர்ந்து தண்ணீர் வரும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானே ஈரமாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு உப்பும் நீரும் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபியூரோசமைடு அந்த உப்பு இழுக்கும் வாசலை அடைத்துவிடுகிறது. உப்பு குழலிலேயே தங்கிவிட, தண்ணீரும் அதோடு தங்கி, சிறுநீராக வெளியேறுகிறது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மணி நேரம் வரை இது நடக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுவிட முடியாமல் தவிக்கும் நோயாளிக்கு இந்த மருந்து உயிர் காக்கிறது. அங்கே வெளியேற்றப்படுவது மிகையான நீர். மிகையான நீரே இல்லாத ஒருவர் அதைச் சாப்பிட்டால் வெளியேறுவது அவருக்குத் தேவையான நீர்.

தண்ணீரோடு பொட்டாசியமும் போகிறது. இது நம் உணவிலிருந்து கிடைக்கும் ஒரு தாதுச் சத்து; தசைகள் சுருங்கி விரிவதற்கும் இதயம் சீரான தாளத்தில் துடிப்பதற்கும் இரத்தத்தில் இது ஒரு குறுகிய அளவுக்குள் இருந்தாக வேண்டும். ஆய்வுக்கூடத் தாளில் 3.5 முதல் 5 வரை என்று போட்டிருப்பார்கள். அது குறையத் தொடங்கினால் முதலில் உடல் சோர்ந்து கைகால் தளரும். இரவில் கெண்டைக்காலில் குரக்களி இழுக்கும். மேலும் குறைந்தால் இதயத் துடிப்பே தாளம் தவறும், அது உயிருக்கு ஆபத்தாகவும் முடியலாம். நீர் குறைந்ததன் அடையாளம், உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுவது.

இதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அவளுக்கு இரண்டு நாளாகக் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அண்ணா. நடந்ததால் இருக்கும் என்று நினைத்தோம்." உடனே தோழியைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன். அந்த மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, மறுநாள் காலை மருத்துவரிடம் போகும்படியும், படபடப்போ மயக்கமோ வந்தால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகும்படியும் சொன்னேன்.

4 கிலோ கொழுப்பு ஒரு வாரத்தில் கரையுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

தொலைபேசியை வைத்த பிறகும் அவருக்கு ஓர் ஐயம் இருந்தது. "4 கிலோவில் கொஞ்சமாவது கொழுப்பு போயிருக்குமே?" என்றார். கடையிலிருந்த பழைய விலைச்சீட்டின் பின்புறத்தில் கணக்கை எழுதிக் காட்டினேன். வாசகர்களும் ஒரு தாளில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

கலோரி என்பது உணவிலும் உடலிலும் உள்ள ஆற்றலை அளக்கும் அலகு; தூரத்துக்குக் கிலோமீட்டர் போல ஆற்றலுக்கு இது. உடலில் சேர்ந்திருக்கும் 1 கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அப்படியானால் 4 கிலோ கொழுப்பு குறைய 30,800 கலோரி செலவாக வேண்டும். ஒரு வாரத்துக்குள் என்றால் நாளொன்றுக்கு 4,400. ஆனால் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டு, இடைப்பட்ட உடல்வாகுடன் இருக்கும் ஒரு பெண்ணின் உடல், மூச்சு, செரிமானம், நடை எல்லாவற்றுக்குமாக ஒரு நாளில் செலவிடுவது ஏறத்தாழ 2,000 கலோரிதான். அவர் ஏழு நாளும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் பட்டினி கிடந்தாலும் 14,000 கலோரிக்கு மேல் செலவாக வழியில்லை. அவ்வளவும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் 2 கிலோவை எட்டாது. உண்மையில் பட்டினியில் தசையும் சேர்ந்து கரைவதால், கொழுப்பு அதைவிடக் குறைவாகவே போகும்.

தோழி பட்டினி கிடக்கவில்லை. சோற்றை விட்டுவிட்டுக் காலையும் மாலையும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டிருக்கிறார். ஆகவே அவருடைய 4 கிலோவில் கொழுப்பு அந்தப் பட்டினிக் கணக்கைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். மற்றது கிளைகோஜனும் அதன் தண்ணீரும், மாத்திரை வெளியேற்றிய தண்ணீரும், குறைவாகச் சாப்பிட்டதால் குடலில் குறைந்த உணவும். அந்தக் கொஞ்சக் கொழுப்பும் மாத்திரையால் போனது அல்ல, உணவைக் குறைத்ததால் போனது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. கொழுப்பு "கரைந்து" மலத்திலோ வியர்வையிலோ வெளியேறுகிறது என்று பலர் நம்புகிறார்கள். பேதி மருந்து சாப்பிட்டு இளைக்க முயல்வதும், உடலில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நடப்பதும் அந்த நம்பிக்கையால்தான். உடல் தன் கொழுப்பைப் பயன்படுத்தும்போது அது மூச்சில் இழுத்த ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. 10 கிலோ கொழுப்பு குறைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சுவழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீர். கொழுப்பு பெரும்பாலும் மூக்கின் வழியாகத்தான் வெளியே போகிறது என்று சொன்னபோது அவர் நம்பவே இல்லை. விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள் என்றேன். ஒரு கட்டு விறகு எரிந்த பின் ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. அது காற்றில் கலந்துவிட்டது. (வேகமாக மூச்சு விட்டால் கொழுப்பு கூடுதலாக எரியுமா என்று அடுத்துக் கேட்டார். எரியாது. அடுப்பில் எரிவதற்கேற்பப் புகை வருகிறதே தவிர, புகையை ஊதித் தள்ளினால் விறகு கூடுதலாக எரிவதில்லை.)

சுருக்கமாக: கொழுப்பு குறைவதன் வேகத்துக்கு உடலின் அன்றாடச் செலவு ஓர் எல்லை போடுகிறது. அந்த எல்லையை மீறிய எந்த எடைக் குறைவும் கொழுப்பாக இருக்க முடியாது.

உண்மையிலேயே இளைப்பதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது. அது எவ்வளவு செய்யும்?

"அப்படியானால் கொழுப்பைக் குறைக்க உங்கள் கடையில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆர்லிஸ்டாட் என்ற மருந்து இருக்கிறது. அதை மருத்துவரின் சீட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால், அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

உணவில் உள்ள எண்ணெயும் நெய்யும் குடலின் சுவரைக் கடந்து உள்ளே செல்ல முடியாத அளவுக்குப் பெரிய துகள்கள். அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டுவதற்குக் குடலில் லிபேஸ் என்ற நொதி சுரக்கிறது. நொதி என்பது செரிமானத்தில் கத்தரிக்கோல் போல வேலை செய்யும் பொருள். ஆர்லிஸ்டாட் இந்தக் கத்தரிக்கோலின் வாயை அடைத்துவிடுகிறது. வெட்டப்படாத எண்ணெய் உள்ளே போக முடியாமல் அப்படியே மலத்தோடு வெளியேறுகிறது. 120 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளைச் சாப்பாட்டோடும் எடுத்துக்கொண்டால், உண்ணும் கொழுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு இப்படித் தடுக்கப்படுகிறது. ஏற்கெனவே இடுப்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பை அது தொடுவதே இல்லை. சோறு, சர்க்கரை, மைதா எதையும் தடுப்பதில்லை.

அவருடைய வீட்டுக் கணக்கையே வைத்துப் பார்த்தோம். "மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்?" என்றேன். நான்கு பேருக்கு நான்கு லிட்டர் என்றார். ஒருவருக்கு மாதம் 1 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். பால், தேங்காய், வேர்க்கடலை ஆகியவற்றில் உள்ள கொழுப்பை இன்னொரு 20 கிராம் என்று வைத்தால் மொத்தம் 50 கிராம். இதில் 30 பங்கு என்பது 15 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம், மாத்திரை ஒரு நாளில் தடுப்பது 135 கலோரி. இருபது நாளுக்கு 2,700. அதை 7,700-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 350 கிராம் வருகிறது. கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ வேண்டும் என்று வந்தவருக்கு, இளைப்பதற்கென்றே செய்யப்பட்ட மாத்திரை தரக்கூடியது அரைக் கிலோவுக்கும் குறைவு.

இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு பிரியாணியோ பூரியோ ஒரு கை பார்த்தால், தடுக்கப்பட்ட எண்ணெய் அடக்க முடியாமல் கசிந்து உள்ளாடையில் கறை படியும். அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும். கல்யாண வீட்டுப் பட்டுப்புடவையில் இருக்கும் ஒருவருக்கு இது எப்படிப்பட்ட சங்கடம் என்பதை அவரிடம் நேராகவே சொன்னேன். எண்ணெயோடு கரையும் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் சேர்ந்து வெளியேறுவதால், மருத்துவர்கள் பல மாதங்களுக்கு இதைக் கொடுக்கும்போது இரவில் படுக்கும் நேரத்தில் ஒரு வைட்டமின் மாத்திரையும் சேர்த்து எழுதுவார்கள்.

அவர் தைராய்டு சுரப்பு குறைவுக்காகத் தினமும் காலையில் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது இந்த இடத்தில்தான் தெரிந்தது. ஆர்லிஸ்டாட்டும் தைராக்சினும் நான்கு மணி நேர இடைவெளி இல்லாமல் சேர்ந்தால், தைராக்சின் உடலில் சேர்வது குறைந்துவிடலாம். கேட்காமல் கொடுத்திருந்தால் இளைப்பதற்குப் பதிலாகச் சோர்வும் எடையும் கூடியிருக்கக்கூடும். அவரோ வேறொன்றை நினைத்திருந்தார்: "தைராய்டு மாத்திரை சாப்பிட்டால் இளைப்பார்கள் என்கிறார்களே, அதையே இரண்டாகப் போட்டுக்கொண்டால் என்ன?" கூடாது. உடலுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் போகும் தைராக்சின், தசையைக் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும், இதயத்தைத் தாறுமாறாக ஓட விடும். அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளில் எடை குறைப்பதற்காகப் பயன்படுத்தக் கூடாது என்பதைக் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறார்கள்.

பெயர் தெரியாத "மூலிகை" மாத்திரைகள்

இதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மருந்துக்கடையில் கிடைக்காவிட்டால் அடுத்து நாடுவது, கைபேசியில் விளம்பரம் வரும், "நூறு விழுக்காடு மூலிகை" என்று எழுதிய டப்பாவைத்தான்.

சிபுட்ராமைன் என்று ஒரு மருந்து இருந்தது. மூளையில் வயிறு நிறைந்த உணர்வை உண்டாக்கும் வேதிப்பொருள்களைக் கூட்டிப் பசியை அடக்கும். மருத்துவர்கள் முறையாக எழுதிக்கொண்டிருந்த மருந்துதான். ஆனால் இதய நோய் ஆபத்து உள்ளவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தது தெரிந்ததும், 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2011-இல் தடை செய்தார்கள். கடைகளிலிருந்து மறைந்த அந்த மருந்து, பெயரில்லாமல் "மூலிகை" டப்பாக்களுக்குள் புகுந்துகொண்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பல நாடுகளில் இத்தகைய டப்பாக்களைச் சோதித்து, உறையில் குறிப்பிடாத சிபுட்ராமைன் உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆனால் உடல் சில குறிகளைக் காட்டும். சாப்பிடத் தொடங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் பசி அடியோடு போய், நாக்கு வறண்டு, தூக்கம் வராமல், மார்பு படபடவென்று அடித்துக்கொண்டு, மலச்சிக்கலும் வந்தால், அந்த டப்பாவில் வெறும் மூலிகை மட்டும் இருப்பதாக நான் நம்பமாட்டேன். அதை நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரிடம் போக வேண்டும். தயாரித்தவரின் முழு முகவரியும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இல்லாத டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

ஊசியும் இருபது நாளில் செய்யாது

"இப்போது ஊசி ஒன்று வந்திருக்கிறதாமே?" என்று கடைசியாகக் கேட்டார். செமாக்ளூடைடு என்ற வாராந்திர ஊசியைத்தான் சொன்னார். சாப்பிட்டபின் குடலில் இயல்பாகச் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து அது. அது வலிமையானது என்பதில் ஐயமில்லை. அதை ஆராய்ந்த முதன்மை ஆய்வில் சராசரியாக உடல் எடையில் நூற்றுக்கு 15 பங்கு அளவு குறைந்தது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது 68 வாரங்கள். முதல் நான்கு வாரங்களுக்கு 0.25 மில்லிகிராம் மட்டுமே போடுவார்கள். குமட்டலும் வாந்தியும் வராமல் உடல் பழகுவதற்காக நான்கு வாரத்துக்கு ஒரு படி என்று ஏற்றி, முழு அளவான 2.4 மில்லிகிராமை எட்டுவதற்கே பதினாறு வாரங்கள் ஆகும். ஆவணி முகூர்த்தத்துக்குள் அவர் முதல் படியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். உடல் பருமனால் நோய் வரும் நிலையில் இருப்பவர்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், நீண்ட காலத்துக்குக் கொடுக்கும் மருந்து அது. ஒரு விசேஷத்துக்காக வாங்குவது அல்ல.

அப்படியானால் இருபது நாளில் எவ்வளவு முடியும்?

இதையும் கணக்காகவே சொன்னேன். அவர் ஒரு நாளைக்கு நான்கு காபி குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை. எட்டுக் கரண்டி என்பது 40 கிராம், அதாவது 160 கலோரி. மாலையில் ஒரு கிண்ணம் மிக்சர், ஏறத்தாழ 50 கிராம், 250 கலோரிக்கு மேல். இரவில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்தால் இன்னும் 100. ஆகமொத்தம் 500 கலோரி. இருபது நாளுக்கு 10,000, கொழுப்பில் 1.3 கிலோ. சோறு குறைவதால் கிளைகோஜனோடு போகும் தண்ணீரையும் சேர்த்தால் எடை இயந்திரம் இரண்டு கிலோ குறைவாகக் காட்டும். தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்து எட்டு மாதமாகிறது என்று சொன்னதால், கல்யாண வேலைகள் நெருக்குவதற்கு முன் அதைச் செய்துகொண்டு மருத்துவரைப் பார்க்கும்படியும் சொன்னேன். சுரப்பின் அளவு சரியில்லாமல் இருந்தால் சோர்வும் உடல் ஊதலும் இருக்கும், அதற்கு மாத்திரையின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

"ரவிக்கை பிடிக்கிறது அண்ணா, அதுதான் கவலை" என்றார். அப்படியானால் தையற்காரரிடம் இரண்டு பக்கமும் பிரித்துவிடச் சொல்லுங்கள், அதற்கு ஒரு நாள் போதும் என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து, ஒன்றும் வாங்காமல் போனார்.

தோழி மறுநாள் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலையில் சீட்டோடு என் கடைக்கு வந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் 3.0 என்று ஆய்வுக்கூடத் தாளில் இருந்தது. மருத்துவர் பொட்டாசியம் மருந்தை எழுதி, மூன்று நாள் கழித்துத் திரும்ப இரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். அதைக் கொடுக்கும்போது நான் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நீர் இழந்த உடல் சும்மா இருப்பதில்லை. உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் ஹார்மோன்களைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சில நாட்கள் அவை தணியாது. அந்த நாட்களில் முகமும் விரல்களும் சற்று ஊதலாம், எடை முன்பைவிட ஒரு கிலோ கூடுதலாகக்கூடக் காட்டலாம். பலர் அதைப் பார்த்துப் பயந்து, மறுபடியும் அதே மாத்திரையை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் எடை இயந்திரத்தின் மேல் ஏறவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். கெண்டைக்கால் வலி நின்றுவிட்டது என்றும், ஆனாலும் மனம் கேட்காமல் ஏறிப் பார்த்துவிட்டதாகவும், மூன்றரைக் கிலோ திரும்பியிருப்பதாகவும் சொன்னார். "இது கொழுப்பா, தண்ணீரா?" என்று கேட்டார். "மூன்றரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், செலவுக்குப் போக எத்தனை கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள் அம்மா" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி, பிறகு, "இருபத்தேழாயிரம் வருகிறது. நான் அவ்வளவு சாப்பிடவில்லை அண்ணா" என்றார்.